ஒரு பல் படமும் ஓசூரின் ஒரு நாளும்

சிப்காட்டில் வார்ப்பு ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய எட்டு வயது மகளுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பால் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். இவர் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, ஒரு நாள்ல இயற்கையா நம்ம மேல படற கதிர்வீச்சு அளவுதான்" என்று சொல்லியிருக்கிறார். நண்பருக்கு அது புரியவில்லை.

"சார், ஒரு நாள் வெயில்ல நிக்கற மாதிரின்னு சொல்றாங்களா? எங்க ஆலையில எக்ஸ்ரே எடுக்கும்போது கயிறு கட்டி எல்லாரையும் வெளிய அனுப்பிடறாங்க. இங்க என்னடான்னா குழந்தை வாய்க்குள்ளயே எடுக்கறாங்க. நெஜமா ஒண்ணும் ஆகாதா?"

ஆலைகள் நிறைந்த இந்த ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். பலருக்கு எக்ஸ்ரே என்ற சொல் முதலில் அறிமுகமாவது மருத்துவமனையில் அல்ல, வேலையிடத்தில். அதனால் ஆலையில் நடப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வார்ப்பிலும் பற்றவைப்பிலும் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் இதையும் எக்ஸ்ரே என்றே சொல்கிறார்கள். ஆனால் அதிலிருந்து வருவது காமா கதிர். அந்தப் பொருளுக்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது. கனமான உலோக உறைக்குள் இருக்கும்போதும் அது கதிரை வீசிக்கொண்டேதான் இருக்கிறது, உறை அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இருபது கியூரி வலிமையுள்ள ஒரு மூலம் உறையை விட்டு வெளியே வந்திருக்கும்போது ஒரு மீட்டர் தள்ளி மறைப்பில்லாமல் நிற்பவர், பொதுமக்களுக்கு ஓராண்டுக்கு வகுத்திருக்கும் வரம்பான 1 மில்லிசீவர்ட்டை ஒரு நிமிடத்துக்குள்ளேயே தாண்டிவிடுவார். கயிறு கட்டி ஆட்களை வெளியே அனுப்புவது இதனால்தான்.

பல் மருத்துவரிடம் இருப்பது வேறு பொருள். அது மின்சாரத்தால் இயங்கும் ஒரு குழாய். பொத்தானை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒன்றோ மூன்றோ பங்கு, கதிர் வரும். விரலை எடுத்தால் விளக்கு அணைவதுபோல் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது, குழந்தையின் பல்லிலும் உடம்பிலும் எதுவும் ஒட்டாது. மருத்துவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதைப் பார்த்து, ஆபத்து என்பதால்தான் விலகுகிறார் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவர் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான படங்கள் எடுப்பவர். குழந்தைக்கு அது ஒரு தடவை, அவருக்கு அது தினசரி வேலை. அந்த வேறுபாட்டுக்காகத்தான் அவர் தள்ளி நிற்கிறார்.

அடுத்து அந்த 'ஒரு நாள்'. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெயிலில் தோலைக் கருக்கும் புறஊதாக் கதிர் உடம்புக்குள் இறங்காது. மருத்துவர் சொன்ன இயற்கைக் கதிர்வீச்சு இரவிலும் வரும், போர்வைக்குள்ளும் வரும். நான்கு வழிகளில் அது நம்மிடம் வந்து சேர்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் அணுக்கதிர் அறிவியல் குழு 2008இல் தொகுத்த கணக்கின்படி, உலக சராசரியாக ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. ஒரு மில்லிசீவர்ட் என்பது ஆயிரம் மைக்ரோசீவர்ட். ஆகவே 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 6.6 மைக்ரோசீவர்ட். இந்தக் கட்டுரையில் 'ஒரு நாள்' என்று வரும் இடமெல்லாம் இந்த அளவைத்தான் குறிக்கும்.

அந்த 6.6இல் பாதிக்கு மேல் ரேடான் என்ற வாயுவால் வருகிறது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் பிறந்து, தரையின் விரிசல்கள் வழியாக வீட்டுக்குள் கசிகிறது. நாம் அதை மூச்சோடு இழுக்கிறோம். இன்னொரு 1.3 மைக்ரோசீவர்ட் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் நேரடியாக வரும் காமா கதிர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் 1.1 அளவு. மிச்சம் நம் உணவிலிருந்து வருவது. வாழைப்பழத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு, பொட்டாசியம்-40, கதிரியக்கம் உள்ளது. இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பள்ளிச் சிறுமியின் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு அணுக்கள் சிதைகின்றன. நண்பர் இதைக் கேட்டு முகம் மாறினார். பிறந்த நாளிலிருந்து எல்லோருடைய உடம்பிலும் நடப்பது இது. பொட்டாசியம் இல்லாமல் இதயம் துடிக்காது.

இனி நம் ஊர்க் கணக்கு. ஓசூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் காற்று குறைவதால் காஸ்மிக் கதிர் கூடும். ஆகவே சென்னையில் இருப்பவரைவிட ஓசூர்க்காரருக்கு அந்தப் பங்கு கொஞ்சம் அதிகம். காலுக்குக் கீழே இருப்பது பாறை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கல்குவாரிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரானைட்டிலும் அதன் உறவுப் பாறைகளிலும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மூன்றும் சுண்ணாம்புக் கல்லில் இருப்பதைவிடக் கூடுதல். எல்லாக் கல்லும் ஒன்றல்ல. ஏற்றுமதிக்காக மெருகேற்றும் இளஞ்சிவப்புக் கல்லில் இவை அதிகம். 'பிளாக் கிரானைட்' என்ற வணிகப் பெயரில் போகும் கறுப்புக் கல் புவியியல்படி கிரானைட்டே அல்ல, அதில் இவை குறைவு. வீட்டுத் தரையில் எந்தக் கல் பதித்திருக்கிறது, மார்கழிக் குளிரில் ஜன்னலை இறுக மூடித் தூங்குகிறோமா என்பதையெல்லாம் பொறுத்து ஒரே தெருவில் இரண்டு வீடுகளின் 'ஒரு நாள்' வேறுபடும். அதனால் இந்த அளவுகோலை ஒரு தோராயமாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தங்கம் நிறுக்கும் தராசுபோல் அதை நம்பக்கூடாது.

பல் படத்தின் பக்கம் வருவோம். ஓசூர்ப் பல் மருத்துவமனைகளில் பேசப்படும் சொற்கள் மூன்று: ஆர்.வி.ஜி., ஓ.பி.ஜி., சி.பி.சி.டி. முதலாவது வாய்க்குள் ஒரு சிறு உணர்கருவியை வைத்து இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுப்பது. படம் உடனே கணினித் திரையில் வரும். இதில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 8 மைக்ரோசீவர்ட் வரை. இரண்டாவது முகத்தைச் சுற்றி வந்து இரு தாடைகளையும் ஒரே அகலப் படமாகத் தருவது, 3 முதல் 24 வரை. மருத்துவர் "ஒரு நாள்" என்று சொன்னது முதல் வகைக்குச் சரியாகப் பொருந்துகிறது. நடுவில் 4 என்று வைத்தால் ஒரு நாளைவிடக் குறைவு, மேல் எல்லையான 8 என்றால் ஒரு நாளைச் சற்றே தாண்டும். ஓ.பி.ஜி.க்கு அதே வாக்கியத்தைச் சொன்னால் பல கருவிகளில் அது இரண்டு மூன்று நாளாகிவிடும்.

மூன்றாவதில்தான் கவனம் தேவை. சி.பி.சி.டி. என்பது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்காக 2012இல் வெளியான வழிகாட்டி நூல், சில பற்களை மட்டும் பார்க்கும் சிறு ஸ்கேனுக்கு 11 முதல் 674 வரையும், முகம் முழுவதையும் எடுக்கும் பெரிய ஸ்கேனுக்கு 30 முதல் 1,073 வரையும் மைக்ரோசீவர்ட் என்று தொகுத்திருக்கிறது. கீழ் எல்லையில் அது இரண்டு நாள், மேல் எல்லையில் ஐந்து மாதத்துக்கு மேல். கருவிக்குக் கருவி, அமைப்புக்கு அமைப்பு இவ்வளவு வேறுபடும் ஒன்றை "அதுவும் பல் எக்ஸ்ரேதானே" என்று ஒரே கூடையில் போடுவது தவறு. 'ஒரு நாள்' என்ற ஆறுதலை இங்கே இழுத்து வரக்கூடாது.

இப்படிக் கதிர் அளவை நாட்களாக மாற்றிச் சொல்லும் வழக்கத்தை வலியுறுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் ஜான் கேமரன். மைக்ரோசீவர்ட் என்றால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை, நாள் என்றால் புரிகிறது என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். ஆனால் ஒப்பீடு எளிதாக இருப்பதாலேயே அதற்குள் சில விஷயங்கள் மறைந்துவிடுகின்றன. கேள்வி கேட்கும் பெற்றோருக்கு அவற்றையும் சொல்வதுதான் மரியாதை.

முதலாவது, இயற்கைக் கதிர் உடம்பு முழுவதும், நாள் முழுவதும் படுகிறது. எக்ஸ்ரே கன்னத்தில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஓர் இடத்தில், கண் சிமிட்டும் நேரத்தில் படுகிறது. அந்த இடத்துத் தோலில் மட்டும் அளந்தால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிகிரே இருக்கும். பிறகு எப்படி 4 மைக்ரோசீவர்ட் என்கிறோம்? ஊரின் ஒரு மூலையில் மட்டும் பெய்த மழையை ஊர் முழுக்கப் பெய்ததாகப் பரப்பி இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வதுபோல, ஒவ்வோர் உறுப்புக்கும் பட்ட கதிரை அந்த உறுப்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கேற்ப எடைபோட்டு, உடம்பு முழுவதற்குமான ஓர் எண்ணாக ஆக்குகிறார்கள். எலும்பு மஜ்ஜைக்கு எடை அதிகம், தோலுக்கு மிகக் குறைவு. சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் இந்த எடைகளைத் திருத்தியபோது உமிழ்நீர்ச் சுரப்பியைத் தனியாகப் பட்டியலில் சேர்த்தது. பல் படங்களில் நன்றாகக் கதிர் படும் உறுப்பு அதுதான். அதனால் கருவி மாறாமலே பல் எக்ஸ்ரேயின் கணக்கு எண் கூடிவிட்டது. பழைய புத்தகத்தில் ஓர் எண்ணும் புதியதில் இன்னோர் எண்ணும் இருப்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இரண்டாவது, குழந்தை சிறிய பெரியவர் அல்ல. அதே அளவு கதிருக்குக் குழந்தையின் புற்று அபாயம் பெரியவரைவிட இரண்டு மூன்று மடங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம். தாடைக்கும் தைராய்டு சுரப்பிக்கும் இடைவெளியும் சிறிது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒரு ஆர்.வி.ஜி. படத்தால் வரக்கூடிய கூடுதல் அபாயம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வருகிறது. இந்த எண்ணும் நேரடியாக எண்ணிப் பார்த்து வந்ததல்ல. பெரிய அளவுக் கதிர் பட்டவர்களிடம் கண்டதை, அளவு குறையக் குறைய அபாயமும் அதே விகிதத்தில் குறையும் என்ற அனுமானத்தோடு கீழே நீட்டிப் பெற்றது. இவ்வளவு சிறிய அளவில் உண்மையான விளைவை எந்த ஆய்வாலும் பிரித்துக் காட்ட முடியாது. பாதுகாப்பின் பொருட்டு அபாயம் உண்டு என்றே வைத்துக்கொண்டு நடக்கிறோம்.

கேரளத்தின் கருநாகப்பள்ளியை இங்கே பலர் எடுத்துக்காட்டுவார்கள். மோனசைட் மணல் கொண்ட அந்தக் கடற்கரையில் இயற்கைக் கதிர் சில இடங்களில் உலக சராசரியைப்போல் பல மடங்கு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் அங்கே ஏறக்குறைய எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கதிர் அளவோடு சேர்ந்து புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மனதுக்கு நிம்மதி தரும் ஆய்வு. ஆனால் அதில் கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் முப்பது வயதைக் கடந்தவர்கள். மெதுவாக, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கதிர் அது. எட்டு வயதுக் குழந்தைக்கு நொடியில் படும் கதிருக்கு அதை அப்படியே சான்றாக வைக்க நான் விரும்பவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. இயற்கைக் கதிரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, எக்ஸ்ரேயைத் தேர்ந்தெடுக்கிறோம். 'ஒரு நாள்' என்ற பதில் எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் விடை. எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எவ்வளவு சிறியதானாலும், பயன் இல்லாத படம் கூடாது.

எதற்கு என்று கேட்க நம் மாவட்டத்தில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பழுப்புக் கறை விழுந்த பற்களோடு பிள்ளைகள் வளர்வதைத் தலைமுறையாகப் பார்க்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. அந்த ஃபுளோரைடும் பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து நீரில் இறங்குவதுதான். பல்லில் கறை போட்டதும், தினசரிக் கதிரில் ஒரு பங்கைத் தருவதும் காலுக்குக் கீழே உள்ள அதே பாறைதான். கறையைப் பார்த்ததும் சொத்தை என்று பயந்து ஓடிவரும் பெற்றோர் உண்டு. ஃபுளோரைடு கறை பெரும்பாலும் ஒரே காலத்தில் வளர்ந்த பற்களில் இரண்டு பக்கமும் ஒத்து வரும், கோடுகோடாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கும். நல்ல வெளிச்சத்தில் பல்லைத் துடைத்துப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரியும். கறைக்காக மட்டும் எக்ஸ்ரே தேவையில்லை. குழி விழுந்து அதற்குள் சொத்தை இறங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அது வேறு கதை.

நண்பரின் மகளுக்குக் காரணம் இருந்தது. ஈறு வீக்கம் என்றால் தொற்று வேரைத் தாண்டிவிட்டது. பால் கடைவாய்ப் பல்லின் இரு வேர்களுக்கும் நடுவே, எலும்புக்குள், நிரந்தரப் பல்லின் முளை உட்கார்ந்திருக்கும். தொற்று அதைத் தொட்டுவிட்டதா, பால் பல்லைக் காப்பாற்றலாமா எடுத்துவிட வேண்டுமா, அடியில் முளை இருக்கிறதா என்ற எதையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அவரிடம் சில விஷயங்களை மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். கருவியில் குழந்தைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுப்பார்களா என்பது முதலாவது. பெரியவருக்கு வைத்த நேரத்தையே குழந்தைக்கும் வைத்தால் படம் நன்றாகத்தான் வரும், கதிர் மட்டும் வீணாகக் கூடும். டிஜிட்டலில் இது கண்ணுக்குத் தெரியாது. பழைய ஃபிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். கணினியோ வெளிச்சத்தைத் தானே சரிசெய்துவிடும். இரண்டாவது, கருவியின் குழல் வட்டமா செவ்வகமா. உணர்கருவி செவ்வகம், வட்டக் குழலிலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதி அதற்கு வெளியே கன்னத்தில்தான் விழுகிறது. செவ்வகக் குழல் வைத்தால் அளவு ஏறத்தாழ பாதியாகும். மூன்றாவது, அந்தக் கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவானதா. 1983இல் அமைந்த அந்த வாரியத்தின் அனுமதி ஒரு நாற்காலி மட்டும் உள்ள சிறு பல் மருத்துவமனைக்கும் வேண்டும். மத்திய விதி என்பதால் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான்.

ஈயக் கவசம் போடாமல் விட்டுவிடுவார்களோ என்று அவர் மனைவி கவலைப்பட்டார். இதில் கருத்து மாறிவருகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் பல் படங்களுக்கு ஈய மேலங்கியும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. குழலை ஒழுங்காகக் குவித்தால் வயிற்றுக்குப் போகும் கதிர் மிக அற்பம். ஓ.பி.ஜி.யில் கழுத்துப் பட்டை படத்தை மறைத்து இன்னொரு முறை எடுக்க வைத்துவிடுவதும் உண்டு. கவசம் தந்தால் போட்டுக்கொள்ளலாம், தரவில்லை என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம் என்றேன்.

உண்மையில் அளவைக் கூட்டுவது மறுபடம். குழந்தை நாக்கால் தள்ளும், உணர்கருவி குத்துகிறது என்று அசையும். படத்தின் ஓரம் வளைவாக வெள்ளையாக நின்றால் குழல் விலகியிருந்தது என்று பொருள். வேரின் நுனி வெட்டுப்பட்டிருந்தால் உணர்கருவி போதிய ஆழத்தில் இல்லை. திரையில் உடனே தெரிவதால் "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்பது டிஜிட்டலில் சுலபமாகிவிட்டது. ஒரு படத்துக்குக் குறைந்த கதிர் பல படங்களில் திரும்பி வந்துவிடுகிறது. உணர்கருவியை முதலில் குழந்தை கையில் கொடுத்துப் பழக்குவதும், அதைப் பிடிக்கும் கவ்வியைப் பயன்படுத்துவதும் மறுபடங்களைக் குறைக்கும். அப்பாவையோ உதவியாளரையோ விரலால் பிடிக்கச் சொல்வது கூடாது.

எல்லைப்புற ஊர் என்பதால் இன்னொரு வழியிலும் மறுபடம் வருகிறது. இங்கே காட்டிவிட்டு, இரண்டாவது கருத்துக்குப் பெங்களூருக்குப் போவார்கள். கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் சுருங்கிய ஒரு படம், அதில் வேர் நுனி மங்கலாக இருக்கும். அங்கே மறுபடி எடுப்பார்கள். முதல் இடத்திலேயே மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ வாங்கிக்கொண்டால் இது தேவைப்படாது.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பால் பல்லுக்கு வேர் சிகிச்சை என்று முடிவானால் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று படம், 12 மைக்ரோசீவர்ட். ஒன்று தவறினால் 16, இரண்டரை நாள். இரண்டு ஆண்டு கழித்துப் பல்வரிசைக்குக் கம்பி போட ஓர் ஓ.பி.ஜி.யும் பக்கவாட்டு முகப் படமும் எடுத்தால் இன்னொரு 20. ஆக மொத்தம் ஐந்தரை நாள். இதே குழந்தைக்கு யாராவது காரணம் சொல்லாமல் 200 மைக்ரோசீவர்ட் அளவில் ஒரு பெரிய சி.பி.சி.டி. எழுதினால் அது ஒன்றே ஒரு மாதம். கேள்வி கேட்க வேண்டிய இடம் எது என்பது அவருக்கே அந்தக் காகிதத்தில் தெரிந்தது.

மறுநாள் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் குழந்தை அசைந்துவிட்டாள், இரண்டாவது சரியாக வந்தது. எட்டு மைக்ரோசீவர்ட், ஒரு நாளும் சில மணி நேரமும். வேர்களுக்கு நடுவே எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே முளைப் பல்லின் வெள்ளைத் தொப்பி உடையாமல் நின்றது. பால் பல்லை எடுத்துவிட்டு, பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைக்காமலிருக்க ஒரு கம்பி வளையம் வைப்பது என்று மருத்துவர் முடிவெடுத்தார். முளை மேலே வரப் பத்து, பன்னிரண்டு வயதாகலாம், அதுவரை அந்த வளையம் இருக்கும். நண்பர் மூலக் கோப்பை வாங்கி வைத்திருக்கிறார்.